புதுப்பிப்பு: விருப்ப ஓய்வுத் தொகையும் வரி நோட்டீஸும்

முன்பு இங்கே நான் கேட்டது: "விருப்ப ஓய்வில் வந்த 12 லட்சம் முழுவதுக்கும் கம்பெனி வரி பிடித்துவிட்டது. 5 லட்சம் கழித்துத் தாக்கல் செய்தேன். படிவம் 16-உடன் பொருந்தவில்லை என்று நோட்டீஸ். என்ன பதில் தர?"

ஆடிட்டர் அண்ணன் சொன்னபடி, 30 நாள் கெடுவுக்குள் வருமான வரி போர்ட்டலில், நோட்டீஸில் சொன்ன திருத்தத்தை ஏற்கவில்லை என்று பதில் கொடுத்தேன். விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் வரை வரிவிலக்கு தரும் பிரிவு 10(10C)-ஐக் குறிப்பிட்டேன். கம்பெனியின் ஓய்வுத் திட்டம், அந்த விலக்குக்கான நிபந்தனைகளைச் சொல்லும் விதி 2BA-க்கு உட்பட்டது என்பதுதான் இதில் உயிர்நாடி. அதனால் திட்ட நகலையும் ஓய்வுக் கடிதத்தையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

மீதி 7 லட்சத்துக்குப் படிவம் 10E போடச் சொன்ன நண்பரே, மொத்தமாக வந்த தொகையால் கூடும் வரியைக் குறைக்கும் பிரிவு 89 நிவாரணத்துக்கு அந்தப் படிவம் சரிதான். ஆனால் இதே தொகையில் 5 லட்சம் விலக்கு கேட்டபின் அது கிடையாது. கிராஜுவிட்டி பற்றிக் கேட்ட அக்கா, அதற்குப் பிரிவு வேறு.

இறுதி உத்தரவு இன்னும் வரவில்லை.