சந்தேகம்: பராமரிப்புப் பக்கம் பத்து நிமிடத்தில் தானாக மறைந்துவிடுகிறது

கவிதா (சிராங்கூன் சாலை)
பூஜைப் பொருள் கடை ஒன்றின் ஆன்லைன் விற்பனையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தளம் வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டும். ரெண்டு மணி நேரமாவது ஆகும். நகலெடுக்கும்போது ஆர்டர் உள்ளே வந்தால் பழைய டேட்டாபேஸிலேயே நின்றுவிடும், அதனால் தளத்தை மூடித்தான் ஆக வேண்டும்.

சோதனைத் தளத்தில் `.maintenance` கோப்பு வைத்துப் பார்த்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதிய `wp-content/maintenance.php` பக்கம் அழகாக வருகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கடை தானாகத் திறந்துகொள்கிறது. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏன்?

ரவி
பிளகின் போடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் எல்லோரையும் வேறொரு பக்கத்துக்கு 302-இல் திருப்பிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், யாரும் புகார் சொன்னதில்லை.

செல்வம் அண்ணன்
கவிதா, அந்தக் கோப்பில் ஒரு நேரம் எழுதியிருப்பீர்கள். அது எழுதி 10 நிமிடம் தாண்டிவிட்டால் வேர்ட்பிரஸ் கோப்பைக் கண்டுகொள்ளாது. அப்டேட் பாதியில் நின்றுபோனால் தளம் மூடியே கிடக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நேரத்தை எழுதாமல், ஒவ்வொரு தடவையும் இப்போதைய நேரத்தையே எடுக்கச் சொல்லுங்கள்:

```
<?php $upgrading = time();
```

இனி நீங்களே கோப்பை அழிக்கும்வரை மூடியிருக்கும். வேர்ட்பிரஸ் அட்மினும் சேர்ந்தே மூடிவிடும் என்பதால், கோப்பை அழிக்க எஃப்டிபி வழியை முதலிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் அழகான பக்கத்தைப் பற்றித்தான். `maintenance.php` இல்லாவிட்டால் வேர்ட்பிரஸே 503, அதாவது ‘இப்போதைக்கு மூடியிருக்கிறது’ என்று பதில் அனுப்பும். அந்தக் கோப்பு இருந்தால் அதை அப்படியே காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், 503 அனுப்புவது உங்கள் பொறுப்பு. இப்போது அநேகமாக 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்று போகிறது. இதை ஓட்டிப் பார்த்தால் முதல் வரியிலேயே தெரியும்:

```
curl -I https://example.com/
```

200 வந்தால், கோப்பின் ஆரம்பத்தில், மேலே ஒரு வெற்று வரிகூட இல்லாமல், இதைச் சேருங்கள்:

```
<?php
http_response_code(503);
header('Retry-After: 7200');
?>
```

7200 என்பது நொடிக் கணக்கு, ரெண்டு மணி நேரம்.

ரவி
பார்க்கிறவருக்கு ரெண்டும் ஒரே பக்கம்தானே அண்ணே. கூகுளுக்காகவா இவ்வளவு பாடு?

செல்வம் அண்ணன்
கூகுளும் உண்டு. 200 என்றால் ‘விரைவில் திரும்புவோம்’ என்பதையே உங்கள் பொருள் பக்கமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்கு வலிக்கிற இடம் பணம். 2 மணிக்கு மூடி 4 மணிக்குத் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1:58-க்கு ஒருவர் பேநவ் கியூஆர் எடுக்கிறார், 2:03-க்குக் கட்டுகிறார். ‘பணம் வந்தது’ என்று பேமென்ட் நிறுவனம் உங்கள் தளத்தின் கதவைத் தட்டும். அங்கே பராமரிப்புப் பக்கம் 200 என்று சொன்னால், செய்தி சேர்ந்துவிட்டது என்று அது போய்விடும். பணம் வங்கியில் இருக்கும், ஆர்டர் ‘பணம் வரவில்லை’ என்றே கிடக்கும். 503 என்றால் மறுபடி வரும். ஸ்டிரைப் 3 நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். உங்களுடையது வேறு நிறுவனமென்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

302-இல் அந்தச் சிக்கல் குறைவுதான், ரவி சொன்னதில் பாதி சரி. ஆனால் திருப்பிவிடப்பட்டவர் நாலு மணிக்கு ரிஃப்ரெஷ் செய்தாலும் அதே அறிவிப்பில்தான் நிற்பார்.

மீனா (ஈசூன்)
எங்கள் டியூஷன் சென்டரில் இதே கதைதான். ‘சனி இரவு 12 மணி முதல் தளம் இயங்காது’ என்று போட்டார்கள். வெள்ளி முடிந்து வரும் 12-ஆ, சனி முடிந்து வரும் 12-ஆ? பாதிப் பெற்றோர் ஒரு மாதிரி, மீதிப் பேர் இன்னொரு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பதிவுப் படிவத்தை ஒருவர் நிரப்பிக்கொண்டிருந்தபோதே மூடிவிட்டது. தளத்தை மூடாமல் மாற்ற வழியே இல்லையா லா?

செல்வம் அண்ணன்
இருக்கிறது, ஆனால் ஒரு சின்னக் கடைக்கு அந்தச் செலவு வேண்டாம். அறிவிப்பைப் பற்றி மீனா சொன்னது முக்கியம். ‘ஞாயிறு அதிகாலை 2:00 முதல் 4:00 வரை, சிங்கப்பூர் நேரம்’ என்று தேதியோடு எழுதுங்கள். ஜொகூரில் அதே நேரம்தான், சென்னையில் வேலை செய்கிறவருக்கு அது சனி இரவு 11:30. சர்வர் கடிகாரம் யூடிசியில் இருந்தால் அங்கே சனி மாலை 18:00. தானாக மூட நேரம் குறிக்கிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

அறிவிப்புப் பட்டையை மூன்று நாள் முன்பே எல்லாப் பக்கத்திலும் போடுங்கள், செக்அவுட் பக்கத்திலும்தான். 1:30-க்குப் பணம் கட்டும் பொத்தானை மட்டும் நிறுத்திவிட்டால், கூடை நிரப்பியவர் நடுவில் மாட்டமாட்டார். ரெண்டு மணி நேரம் போதும் என்று தோன்றினால் மூன்று என்று அறிவியுங்கள். முன்னதாகத் திறந்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

கவிதா
ஓட்டிப் பார்த்தேன், 200-தான் வந்தது. அந்த வரிகளைச் சேர்த்த பிறகு 503, `Retry-After`-உம் வருகிறது. பத்து நிமிடம் தாண்டியும் மூடியே இருக்கிறது.

ஆனால் எங்கள் பேமென்ட் நிறுவனத்தில் கேட்டால், மறுபடி அனுப்புவோம், எத்தனை தடவை என்று சொல்ல முடியாது என்கிறார்கள். 4 மணிக்குத் திறந்ததும் அவர்கள் பட்டியலையும் எங்கள் ஆர்டர்களையும் கையால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டுமா?

செல்வம் அண்ணன்
1:00-இலிருந்து 4:00 வரை வந்த பணத்தை மட்டும் பாருங்கள். பொத்தானை 1:30-க்கே நிறுத்தினால் சில வரிகள்தான் இருக்கும்.

ரவி
நான் போட்ட பிளகின் என்ன அனுப்புகிறதென்று இப்போதுதான் பார்க்கிறேன். 200. கேஷ் பிளகினும் இருக்கிறது, அது தலையிடுமா?