கல்யாண ஆர்டர் ஃபைல்கள் இரண்டிரண்டாக வருகின்றன, sync-conflict என்று வால் வேறு. எதை அழிப்பது?

இலைக்கட்டு:
வணக்கம். நானும் வீட்டுக்காரரும் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். என் உபுண்டு லேப்டாப்பிலும் அவருடைய ஆண்ட்ராய்டு போனிலும் ஃபைல்கள் ஒன்றுபோல இருக்க நடுவில் சிங்க்திங் ஓடுகிறது. இன்று ஃபோல்டரைத் திறந்தால் இப்படி இருக்கிறது:

```
order-sep12.md
order-sep12.sync-conflict-20250903-221407-K7PQ2XM.md
```

இப்படி மொத்தம் 11 ஃபைல்கள். வால் உள்ளதெல்லாம் பழையது என்று நினைத்து அழிக்கப் போனேன், கை வரவில்லை. அழிக்கலாமா? 12ஆம் தேதி கல்யாணம், இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

மேகமூட்டம்:
எனக்கும் இதே தொல்லை, டிராப்பாக்ஸில். அங்கே ஃபைல் பெயரிலேயே conflicted copy என்று யாருடையது, எந்தத் தேதி என்பதெல்லாம் வந்துவிடும். உங்களுடையதில் பெயரே இல்லையே. பேசாமல் அதற்கு மாறிவிடுங்கள் அக்கா.

வட்டுக்காரன்:
மாறவெல்லாம் வேண்டாம். ஃபோல்டரில் `.stignore` ஃபைலில் இந்த ஒரு வரியைப் போட்டால் போதும், வால் ஃபைல்கள் பரவாது:

```
*.sync-conflict-*
```

பெயரில் இருப்பது திருத்திய நேரம். செப்டம்பர் 3, இரவு 10:14. அந்த நேரத்தில் யார் திருத்தினார்கள் என்று யோசித்தாலே விடை கிடைத்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். வட்டுக்காரன் தம்பி சொன்ன அந்த வரியையும் இப்போது போடாதீர்கள். அது பரவலை நிறுத்தும், உண்மைதான். ஆனால் ஒரே ஃபைலை இருவரும் தனித்தனியே திருத்தி மோதும்போது, தோற்று வால் முளைத்த பிரதி ஒரே ஒரு கருவியில் முடங்கிவிடும். அடுத்தவருக்கு மோதல் நடந்ததே தெரியாது. இப்போது அது இரண்டு பக்கமும் சாதாரண ஃபைலாகத் தெரிவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

பெயரில் உள்ள நேரம் திருத்திய நேரமும் இல்லை. மோதலைச் சிங்க்திங் கண்டுபிடித்துப் பிரதி எடுத்த நேரம் அது. கடைசி ஏழு எழுத்து உங்கள் கருவிகளில் ஒன்றின் அடையாள எண்ணின் தொடக்கம். அதை வைத்தும் யாருடைய திருத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம், உள்ளே திறந்து பாருங்கள்.

எது அசல் பெயரோடு இருக்கும் என்பதற்கு ஒரே கணக்குதான்: கடைசியாகச் சேமித்த நேரம் யாருக்குப் பிந்தியதோ அவருடையது பெயரை வைத்துக்கொள்ளும், முந்தியதற்கு வால் முளைக்கும். எது சரியான தகவல் என்று அதற்குத் தெரியாது. போன் கடிகாரம் தப்பாக ஓடினால் இந்தக் கணக்கும் தலைகீழாகும்.

முதலில் இரண்டு கருவியிலும் `Up to Date` வரும்வரை காத்திருங்கள். பிறகு இரண்டிலும் அந்த ஃபோல்டரை `Pause` செய்துவிட்டு, முழு ஃபோல்டரையும் சிங்க்திங்குக்கு வெளியே ஓர் இடத்தில் நகல் எடுங்கள். அப்புறம் இதை ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள்:

```
diff order-sep12.md order-sep12.sync-conflict-20250903-221407-K7PQ2XM.md
```

இலைக்கட்டு:
நகல் எடுத்துவிட்டேன். இதுதான் வந்தது:

```
3c3
< இலை: 350
---
> இலை: 425
8c8
< பாயசம்: அடைப் பிரதமன்
---
> பாயசம்: பால் பாயசம்
```

பிரதமன் என்று மாற்றியது நான், அன்று ராத்திரி ஒன்பது மணி இருக்கும். 425 இலை எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். அன்று மதியம் பெண் வீட்டிலேயே உட்கார்ந்து போனில் மாற்றினாராம். 75 இலை! அழித்திருந்தால் பந்தியில் என்ன ஆகியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
இப்போது கதை புரிகிறது. போனில் சிங்க்திங் வைஃபையில் மட்டும் ஓடும்படி வைத்திருப்பீர்கள். மதியம் அவர் மாற்றியது போனிலேயே தங்கிவிட்டது. அது வந்து சேராமலே ஒன்பது மணிக்கு நீங்கள் பழைய ஃபைலைத் திருத்தினீர்கள். 10:14க்கு அவர் வீட்டுக்கு வந்து வைஃபை பிடித்ததும் இரண்டும் முட்டிக்கொண்டன. உங்களுடையது பிந்தியது, அதனால் பெயர் உங்களுக்கு, வால் அவருக்கு. இரண்டு ஃபைலிலும் பாதி சரி, பாதி பழசு.

அசல் பெயருள்ள ஃபைலைத் திறந்து 350ஐ 425 ஆக்குங்கள். பிரதமன் அப்படியே இருக்கட்டும். சேமித்து, மறுபடி `diff` போட்டால் பாயச வரி மட்டும்தான் வித்தியாசமாக வர வேண்டும். வந்தால் வால் ஃபைலை அழிக்கலாம். 11ஐயும் முடித்த பிறகு `Pause`ஐ எடுங்கள், அழித்தது போனிலும் தானாகப் போய்விடும். நீங்கள் லேப்டாப்பில் செய்யும்போது அவர் போனில் அதே ஃபைல்களைத் தொடக் கூடாது. `diff` கண்ணைக் கட்டினால் `meld` போட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

இன்னொன்று: வால் ஃபைலுக்குள் எதையும் எழுதாதீர்கள். வால் ஃபைலே மறுபடி மோதினால் சிங்க்திங் அதற்கு இன்னொரு பிரதி எடுக்காது, ஒரு பக்கத்துத் திருத்தம் காணாமல் போகும். அதேபோல் ஒரு ஃபைலுக்கு 10 வால் பிரதிகள்தான் இயல்பு வரம்பு. அதற்கு மேல் போனால் பழையதிலிருந்து அழியும். மாதக் கணக்கில் சேர்த்து வைக்கக் கூடாது.

வட்டுக்காரன்:
நேரம் விஷயத்தில் நான் தப்பு, இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் கடவுச்சொல் ஃபைல் `.kdbx`. அதிலும் வால் இருக்கிறது, `diff` வேலை செய்யாதே?

கணக்குப்பிள்ளை:
செய்யாது, அது குறியாக்கம் செய்த ஃபைல். கீபாஸ்எக்ஸ்சியிலேயே இணைக்கும் வசதி உண்டு. நகல் எடுத்துக்கொண்டு:

```
keepassxc-cli merge -s அசல்.kdbx வால்.kdbx
```

இரண்டாவதில் இருப்பதை முதலாவதோடு சேர்க்கும். `-s` என்பது இரண்டுக்கும் ஒரே முதன்மைக் கடவுச்சொல் என்றால் மட்டும். ஒரே பதிவு இரண்டிலும் மாறியிருந்தால் புதியது நிற்கும், பழையது அந்தப் பதிவின் வரலாற்றுக்குள் போகும்.

இலைக்கட்டு:
பத்து ஃபைல் முடிந்தது. மீதி ஒன்று `advance.ods`. லிப்ரே ஆபிஸில் இரண்டையும் திறந்து பார்த்தேன். ஒரே பார்ட்டிக்கு ஒன்றில் 15,000, மற்றதில் 20,000. இரண்டு பேருக்குமே நினைவில்லை, நாளைக்குப் பார்ட்டியிடம்தான் கேட்க வேண்டும். அதுவரை இரண்டையும் வைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஜூனில் ஓர் ஆர்டரில் அவர் எழுதிய அப்பளக் கணக்கு மாயமாக மறைந்தது. அப்போது வால் ஃபைல் எதுவும் வரவில்லையே?

கணக்குப்பிள்ளை:
அந்த ஃபைல் திறந்தபடியே இருக்க லேப்டாப்பை மூடி வைத்துவிடுவீர்களா? அப்படியென்றால், அவர் திருத்தம் லேப்டாப்புக்கு வந்து சேர்ந்திருக்கும், ஆனால் திரையில் பழையது நிற்கும். நீங்கள் அதைச் சேமித்தால் அவருடையதற்கு அடுத்த திருத்தம் என்றே சிங்க்திங் எடுத்துக்கொள்ளும். மோதல் இல்லை, வாலும் இல்லை. வால் வருவதைவிட இதுதான் மோசம்.

இதற்கு `File Versioning` போட வேண்டும், முக்கியமாகப் போனில். ஏனென்றால் மற்ற கருவியிலிருந்து வரும் மாற்றம் ஒரு ஃபைலின் மேல் எழுதும்போதுதான் பழையது `.stversions` ஃபோல்டருக்குப் போகும். நீங்களே உங்கள் லேப்டாப்பில் சேமித்தால் உங்கள் பக்கம் எதுவும் சேராது. அவர் எழுதியது அவர் போனில்தான் மிஞ்சும்.

இலைக்கட்டு:
திறந்தபடியேதான் மூடுவேன். ஆனால் ஜூனில் போனில் அது போடவில்லையே, அதனால் இதுதானா என்று இனிமேல் பார்க்கவும் முடியாது. இப்போது இரண்டிலும் போட்டுவிட்டேன். போனில் மொபைல் டேட்டாவிலும் ஓடும்படி மாற்றச் சொன்னேன், பேட்டரி போய்விடும் என்கிறார்.

மேகமூட்டம்:
வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தானே அக்கா, டேட்டா ஒன்றும் போகாது. பேட்டரிதான் எனக்கும் தெரியவில்லை.