வேப்பிலைச் சாறும் சர்க்கரை மாத்திரையும்

ராமலிங்கம் மாமா: ஒரு வாரமாக வெறும் வயிற்றில் ஒரு கைப்பிடி வேப்பங்கொழுந்தை அரைத்து, சாறு பிழிந்து அரை டம்ளர் குடிக்கிறேன். இப்போது குத்திப் பார்த்தால் சர்க்கரை 64! இனி மாத்திரை எதற்கு?

கவிதா: மாமா, உடம்பு எப்படி இருக்கிறது? கை நடுங்குகிறதா?

ராமலிங்கம் மாமா: லேசாக. வியர்க்கவும் செய்கிறது. வெயில்தான்.

கவிதா: வெயில் இல்லை மாமா. 70க்குக் கீழே போனால் ஆபத்து. உடனே தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறியதும் டிபன் சாப்பிடுங்கள்.

செல்வி அத்தை: கசப்பு சர்க்கரையை முறிக்கும் என்று அம்மா சொன்னது சரிதானே?

கவிதா: சர்க்கரை குறையலாம் அத்தை, ஆனால் அது நாக்கில் படும் கசப்பால் இல்லை. மாமா போடுவது கிளிமிபிரைடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதற்கு மேல் வேம்பும் சேர்ந்தால் அளவு தாண்டிப் போகலாம். சாற்றை நிறுத்துங்கள். அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரிடம் இந்த 64ஐச் சொல்லுங்கள்.

அருண்: நானும் அரைத்து முகப்பருவில் பூசினேன். எரிகிறது. வேலை செய்கிறது என்று அர்த்தமா?

கவிதா: தோல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கழுவி விடு.

தீபா: அக்கா, எனக்கு ஐந்தாம் மாதம். மாமியார் வேப்பம்பூ ரசம் வைத்திருக்கிறார்.

கவிதா: வறுத்த பூ ஒரு ஸ்பூன் போட்ட ரசமும் மாமாவின் சாறும் ஒன்றல்ல. ஆனால் வேம்பின் சாரம் கொடுத்த விலங்குகளில் கரு கலைந்திருக்கிறது. எந்த அளவு பாதுகாப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. நானாக இருந்தால் பிரசவம் வரை ரசத்தையும் தள்ளி வைப்பேன். இலைச்சாறு, வேப்பெண்ணெய் இரண்டும் வாயில் படவே வேண்டாம்.

செல்வி அத்தை: எங்களுக்கெல்லாம் கைக்குழந்தையிலேயே சங்கில் வேப்பெண்ணெய் புகட்டினார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம்?

கவிதா: நீங்கள் தப்பித்தீர்கள் அத்தை. அது உள்ளே போய் வாந்தி, அசந்த தூக்கம், வலிப்பு என்று வந்து இறந்த குழந்தைகளும் உண்டு. பேரனுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம்.

செல்வி அத்தை: அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விடும்போது வேப்பிலை போடுவோமே, அதுவுமா?

கவிதா: குளிக்கிற தண்ணீர்தானே, அது வேறு. வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செல்வி அத்தை: என்னவோ போ. அம்மா இருந்திருந்தால் உன்னோடு சண்டைக்கு வந்திருப்பாள்.

ராமலிங்கம் மாமா: இப்போது 93. நடுக்கம் நின்றது. ஃபிரிட்ஜில் இன்னும் ஒரு டப்பா கொழுந்து இருக்கிறது, யாருக்கு வேண்டும்?