குழுப்படத்தில் சேர்த்த முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால்: உங்கள் அனுபவம் என்ன?

வெளிச்சக்கீற்று

குழுப்படம் எடுத்த அன்று வர முடியாமல் போனவரைப் பிறகு அந்தப் படத்தில் சேர்த்துத் தரும் வேலை எனக்கு அடிக்கடி வரும். அண்மையில் முடித்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே வேலை செய்தவர்கள் நீங்கள் பட்டதையும் சொல்லுங்கள்.

குழுப்படம் 6000 × 4000 பிக்சல். கேமராவை முக்காலியில் வைத்து எடுத்தது, நல்ல ஷார்ப். சேர்க்க வேண்டிய பெரியவருக்குக் கிடைத்ததோ பல கை மாறி வந்த 1280 × 960 JPEG ஒன்றுதான். வெளிச்சம் இரண்டு படத்திலும் இடப்பக்கத்திலிருந்தே விழுந்திருந்தது, அந்த மட்டில் அதிர்ஷ்டம். அளவுதான் பிரச்சினை.

எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்பதை நான் முகத்தின் உயரத்தை வைத்துப் பார்ப்பதில்லை. முடியும் தாடியும் குழப்பிவிடும். இரண்டு கண்மணிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைத்தான் அளப்பேன். (முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் மட்டும் இந்த அளவு பொய் சொல்லும்.) பெரியவருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவருக்கு அந்தத் தூரம் 96 பிக்சல். பெரியவருக்கு 32. ஆக, மூன்று மடங்கு. அகலத்திலும் உயரத்திலும் மூன்று என்றால் ஒரு பிக்சல் இருந்த இடத்தில் ஒன்பது வரும். அந்த ஒன்பதில் எட்டு மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பியதுதான்.

அதனால் பெரிதாக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: படம் கடைசியில் எந்த அளவில் அச்சாகப் போகிறது? 12 அங்குல அகலம் என்றார்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தாலும் 3600 பிக்சல் போதும். குழுப்படத்தின் ஒரு நகலை 60 சதவீதத்துக்குக் குறைத்தேன். பக்கத்து முகத்தின் 96 பிக்சல் இப்போது 58 ஆனது. மூன்று மடங்காக இருந்த வேலை 1.8 மடங்காகக் குறைந்துவிட்டது. இந்த வேலையிலேயே பெரிய லாபம் இதுதான். எந்த ஷார்ப் ஃபில்டராலும் இவ்வளவு தர முடியாது. மூலக் கோப்பை மட்டும் தொடாமல் பத்திரமாக வைத்துவிட வேண்டும்.

அடுத்து, பெரியவரின் படத்தை அதே சின்ன அளவில் வைத்தே சுத்தம் செய்தேன். JPEG படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். பலமுறை சேமித்த படத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் அந்தக் கட்டம் லேசாகத் தெரியும். அப்படியே பெரிதாக்கினால் கட்டமும் கூடவே பெரிதாகும், அப்புறம் ஷார்ப் செய்தால் இன்னும் எடுப்பாக நிற்கும். நிறத்தில் சேதம் இன்னும் அதிகம், ஏனென்றால் இப்படி வரும் JPEG படங்களில் பெரும்பாலும் நிறத் தகவலைப் பாதி ரெசல்யூஷனில்தான் வைத்திருப்பார்கள். அதனால் Lab முறைக்கு மாற்றி, a, b இரண்டு சேனல்களை மட்டும் கொஞ்சம் பிளர் செய்தேன். உதட்டோரத்தில் கசிந்திருந்த சிவப்பும் தோலில் இருந்த பச்சைத் திட்டும் அடங்கின. L சேனலில் கை வைக்காததால் உருவம் கெடவில்லை.

ஆளை வெட்டி எடுப்பதையும் பெரிதாக்கிய பிறகே செய்வேன். முதலில் வெட்டினால், முடியோரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பின்னணியின் மெல்லிய கோடும் சேர்ந்து தடித்துவிடும். சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுத்து, Smart Object ஆக்கி, ஒரே தடவையில் 180 சதவீதம். மாஸ்க் கடைசியில். மாஸ்க்கின் விளிம்பு எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் நிற்பவரின் தோள் விளிம்பைப் பார்த்தே முடிவு செய்தேன்.

ஷார்ப் எவ்வளவு என்பதற்கு நான் பார்ப்பது சட்டைக் காலர். பக்கத்து ஆளின் வெள்ளைக் காலர் கருத்த கோட்டோடு சேரும் இடத்தை 800 சதவீதத்தில் பார்த்தால், வெள்ளையிலிருந்து கருப்புக்கு மாற இரண்டு பிக்சல்தான் ஆகிறது. பெரியவரின் காலரில் அதே மாற்றம் ஐந்து பிக்சலுக்கு இழுக்கிறது. Unsharp Mask-இல் Radius 1.2, Amount 120 அளவில் அது மூன்றுக்கு வந்தது. அதற்கு மேல் ஏற்றினால் காலரின் ஓரத்தில் வெள்ளைக் கோடு எழும்புகிறது, அங்கேயே நிறுத்திவிட்டேன். லேயரை Luminosity-யில் வைத்ததால் நிற விளிம்பு வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் முகம் மட்டும் மொழுக்கென்று, மெழுகு பூசியதுபோல் இருந்தது. குழுப்படத்தில் மற்ற எல்லார் தோலிலும் கேமராவின் நாய்ஸ் மெல்லியதாக இருக்கிறது, அவரிடம் இல்லை. 50 சதவீதச் சாம்பல் லேயர் ஒன்றை Overlay-யில் வைத்து, Add Noise-இல் Gaussian, Monochromatic, 2 சதவீதம் கொடுத்தேன். பிறகு அதை 0.4 பிக்சல் பிளர் செய்தேன், ஏனென்றால் கேமரா நாய்ஸ் ஊசிமுனைப் புள்ளிகளாக இருக்காது, பக்கத்துப் பிக்சலோடு கொஞ்சம் கலந்தே இருக்கும். அதன் பிறகுதான் அவர் அந்த வரிசையில் நிற்கிற மாதிரித் தெரிந்தார்.

ஜன்னலோரம்

இவ்வளவு சுற்ற வேண்டுமா அண்ணா? நான் சின்னப் படத்தைத் திறந்து Image Size-இல் 72 என்று இருப்பதை 300 ஆக்கிவிட்டுத்தான் ஒட்டுவேன். பெரிய படம் 300, இதுவும் 300, இரண்டும் ஒன்றாகிவிடுமே. எனக்கு ஓரளவு சரியாகத்தான் வருகிறது.

கருப்புவெள்ளை

தம்பி, அந்த இடத்தில் Resample என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் டிக் இருக்கிறதா பாருங்கள். டிக் இல்லாமல் 72-ஐ 300 ஆக்கினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது. அச்சில் எத்தனை அங்குலம் வரும் என்ற குறிப்பு மட்டும்தான் மாறும். அப்படியே எடுத்து ஒட்டினால் பழைய சின்ன அளவிலேயே வந்து உட்காரும். டிக் இருந்தால் நான்கு மடங்குக்கு மேல் பெரிதாகியிருக்கும். உங்களுக்குச் சரியாக வந்தது என்றால் டிக் இருந்திருக்கிறது, பிறகு ஒட்டிய இடத்தில் மறுபடி இழுத்துச் சுருக்கியிருப்பீர்கள். அதாவது பிக்சலை இரண்டு முறை கலக்கியிருக்கிறீர்கள். 300 என்ற எண்ணை விடுங்கள். வெளிச்சக்கீற்று சொன்ன மாதிரி கண்ணுக்குக் கண் அளந்து பாருங்கள்.

வெளிச்சக்கீற்று, ஒன்று சேர்க்கிறேன். நாய்ஸ் அளவைப் பார்க்க எல்லா நிறமும் சேர்ந்த படத்தைப் பார்க்காதீர்கள். நீலச் சேனலை மட்டும் திறந்து பாருங்கள், நாய்ஸ் பெரும்பாலும் அங்கேதான் கூடுதலாக இருக்கும். ஒட்டிய முகம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். குழுப்படத்தை 60 சதவீதத்துக்குக் குறைத்தபோது அதன் நாய்ஸும் குறைந்திருக்கும், ஆகவே குறைத்த பிறகு இருக்கும் நாய்ஸோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஜன்னலோரம்

டிக் இருக்கிறது. ஒட்டிய பிறகு சுருக்கியதும் உண்மைதான். இனி Smart Object-இல் முயன்று பார்க்கிறேன்.

கோடும்நிறமும்

எனக்கும் இதே தொல்லை. சீருடையில் போட வேண்டிய சின்னத்தை 150 பிக்சலில் அனுப்பினார்கள், பனியன் படம் 5000 பிக்சல். பெரிதாக்கி ஷார்ப் செய்தால் எழுத்தெல்லாம் பிசிறு தட்டியது. கடைசியில் பென் டூலில் முழுதாக மறுபடி வரைந்துவிட்டேன், கத்தி மாதிரி வந்தது. நீங்களும் அப்படிச் செய்யலாமே?

வெளிச்சக்கீற்று

சின்னத்துக்கும் எழுத்துக்கும் அதுதான் சரி. முகத்தை அப்படி வரைய முடியாதே. ஆனால் உங்கள் வேலையிலும் பாதி மிச்சமிருக்கலாம் என்று தோன்றுகிறது. கத்தி மாதிரி இருக்கும் விளிம்பு பனியன் படத்தில் வேறெங்கும் இருக்காது, துணியின் தையல் விளிம்புகூட இரண்டு பிக்சலுக்காவது பரவியிருக்கும். சின்னத்தை 0.6, 0.7 பிக்சல் பிளர் செய்து, அதே நாய்ஸைத் தூவிப் பாருங்கள். துணியில் அச்சடித்த மாதிரி இறங்கிவிடும்.

கட்டளைவரி

நான் ஒரே நாளில் நிறைய முகங்களைப் பெரிதாக்க வேண்டியிருப்பதால் ImageMagick-இல் செய்கிறேன்:

```
magick face.png -filter Mitchell -resize 180% -unsharp 0x1.2+0.8+0.02 face180.png
```

Mitchell-க்குப் பதில் Lanczos போட்டால் பார்த்தவுடன் இன்னும் ஷார்ப்பாகத் தெரியும். ஆனால் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் போன்ற அழுத்தமான கோடுகளைச் சுற்றி அலை மாதிரி எதிரொலிக் கோடு வருகிறது. அதன் மேல் ஷார்ப் வேறு ஏற்றினால் கண்ணாடி போட்டவர்களின் படம் கெட்டே போகும். கடைசி 0.02 தான் தோலைக் காப்பாற்றுகிறது. அதைவிடச் சின்ன வித்தியாசத்தை ஷார்ப் தொடாது.

பழையநெகட்டிவ்

எனக்கு வந்தது இதற்கு நேர் எதிர். குழுப்படம் ஃபிலிமில் எடுத்து ஸ்கேன் செய்தது, பெரிய கோப்பு, ஆனால் 100 சதவீதத்தில் பார்த்தால் உள்ளே விவரமே இல்லை. காலர் விளிம்பு ஏழெட்டு பிக்சலுக்கு இழுக்கிறது. சேர்க்க வேண்டிய முகமோ புதிய கேமராவில் எடுத்தது. அளவில் சின்னதுதான், ஒன்றரை மடங்கு பெரிதாக்கினேன். ஷார்ப்பே செய்யவில்லை, அதற்கு மாறாகப் பிளர்தான் செய்ய வேண்டியிருந்தது. பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஷார்ப் ஏற்றியிருந்தால் அந்த முகம் தனியாகத் துருத்தியிருக்கும். கிரெயின்தான் படுத்திவிட்டது. Add Noise புள்ளிகள் ஃபிலிம் கிரெயின் மாதிரி வரவே இல்லை. கடைசியில் அதே குழுப்படத்தின் வெறும் சுவர்ப் பகுதியிலிருந்து கிரெயினைப் பிரித்தெடுத்து முகத்தின் மேல் போட்டேன். சுவர் வெளிச்சமான இடம், முகம் நடுத்தர நிழல், அதனால் இப்போதும் முழுதாகப் பொருந்தவில்லை. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

கருப்புவெள்ளை

படத்தில் முகத்தின் அளவுக்கு நிழல் உள்ள வெறும் இடம் எங்காவது இருக்கும், திரைச்சீலை, தரை இப்படி. அங்கிருந்து எடுத்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் எனக்கும் நல்ல வழி தெரியாது.

வெளிச்சக்கீற்று சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஷார்ப் முழுவதையும் பெரிதாக்கிய பிறகே செய்கிறீர்கள். நான் பெரிதாக்கும் முன் Radius 0.3, 0.4 வைத்துக் கொஞ்சம், பிறகு மீதியைச் செய்வேன். கண்ணில் விழும் ஒளிப்புள்ளி அப்படிச் செய்தால் கரையாமல் நிற்கிறது.

வெளிச்சக்கீற்று

சுத்தமான மூலமாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். கை மாறி வந்த JPEG-இல் முதலிலேயே ஷார்ப் செய்தால் கட்டங்கள் எழுந்து நிற்கின்றனவே. கண்ணை மட்டும் மாஸ்க் போட்டு முன்பே ஷார்ப் செய்வதானால் சரிப்படலாம். நான் செய்து பார்த்ததில்லை.

ஜன்னலோரம்

இன்னொரு சந்தேகம். அதே படத்தை அவர்கள் நாளைக்கு 36 அங்குலத்தில் கேட்டால் என்ன செய்வீர்கள்?

வெளிச்சக்கீற்று

6000 பிக்சலை 36 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான், தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும். ஆனால் 60 சதவீத நகல் உதவாது, மூலக் கோப்பில் மூன்று மடங்கு வேலையை மறுபடி செய்ய வேண்டும். அந்த அளவில் இமை முடியும் தோலின் துளைகளும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும், பெரியவருக்குத் தெரியாது. ஷார்ப்பால் அதைக் கொண்டுவர முடியாது. அப்போது அவரைப் பின்வரிசையில் நிறுத்தச் சொல்லிக் கேட்பேன். அங்கே முகங்கள் சிறியவை, ஃபோகஸும் கொஞ்சம் விலகியிருக்கும், இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போனால் போதும். பெரியவரைப் பின்னால் நிறுத்த வீட்டார் சம்மதிக்க வேண்டும், அதுதான் கடினம்.

கட்டளைவரி

சம்மதிக்காவிட்டால் அந்த மூலப் படம் முதலில் யார் போனில் எடுத்தது என்று விசாரியுங்கள். கை மாறாத முதல் கோப்பு கிடைத்தால் பெரும்பாலும் 4000 பிக்சலுக்குக் குறையாது. எனக்கு வந்த ஒரு வேலையில் அப்படிக் கிடைத்து, பெரிதாக்கவே தேவையில்லாமல் போனது.