கலைச்சொல்: [x] சார்புக்கும், அது ‘குதிக்கும்’ இடத்துக்கும் என்ன பெயர்?

சுங்கை சிப்புட், டியூசன் ஆசிரியை எழுதியது:

வணக்கம். எஸ்.டி.பி.எம். கணிதத்துக்கு மாலையில் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். பள்ளியில் மலாயில் ‘ஹாட்’ என்று படித்துவிட்டு வருவதை இங்கே தமிழில் ‘எல்லை’ என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். [x], அதாவது x-ஐத் தாண்டாத மிகப் பெரிய முழு எண், வந்ததும்தான் எனக்கு வார்த்தை தட்டுகிறது. ‘மீப்பெரு முழு எண் சார்பு’ என்பதை ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை சொல்ல முடியவில்லை. அது ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குப் போவதை ‘குதி’ என்று சொல்லி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஒரு கணக்கு கொடுத்தேன். 0 முதல் 3 வரை f(x) = [x² − 2x] எங்கெல்லாம் தொடர்ச்சியை இழக்கிறது? ஒரு பையன் கிராஃப் தாளில் அழகாக வரைந்துவிட்டு, x = 1-க்கு நேரே சிவப்பு மையில் ஒரு வெற்று வட்டம் போட்டு, “டீச்சர், இங்கயும் குதிக்கும்” என்றான். ஏன் என்று கேட்டதற்கு, “உள்ளே முழு எண் வருதே” என்றான். அவனுக்கு ஏன் தப்பு என்று சொல்லப் போனபோதுதான் ஒன்று புரிந்தது. ‘குதி’ என்ற ஒரே சொல்லை நான் எல்லாவற்றுக்கும் போட்டதுதான் அவனைக் குழப்பியிருக்கிறது. சொல் வேண்டும், உதவுங்கள்.

பினாங்கிலிருந்து ஒரு மென்பொருள் ஊழியர்:

அக்கா, முதல் சொல் சுலபம். தசமத்தை வெட்டிப் போடுவதுதானே வேலை? 3.7 என்றால் 3. அதனால் ‘வெட்டுச் சார்பு’ என்று வைக்கலாம், சின்னதாகவும் இருக்கும். இரண்டாவதற்குத் ‘தாவல்’. ஆனால் உங்கள் பையன் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. உள்ளே இருப்பது முழு எண்ணைத் தொடும் இடமெல்லாம் தாவும். x² − 2x = n என்று வைத்துத் தீர்த்தால் x = 1 ± √(n+1). n-க்கு −1, 0, 1, 2, 3 போட்டால் 0, 1, 2, 2.414, 2.732, 3. மொத்தம் ஆறு இடம். கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன், 1-இல் மதிப்பு மாறத்தான் செய்கிறது.

கோலக்கங்சாரிலிருந்து, ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி:

எனக்குக் கணிதம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் ‘வெட்டு’ வேண்டாம் தம்பி. முப்பது வருடம் பெரட்டில் நின்று பேர் எழுதியவன் நான். தோட்டத்தில் வெட்டு என்றால் கித்தா மரத்தில் பால் வெட்டுவதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும்.

அப்புறம், நீங்கள் பேசுவது நம் கடைகளில் நடப்பதுதானே? 2008 ஏப்ரல் 1-இலிருந்து பில்லை ஐந்து சென்னுக்குச் சரிசெய்கிறார்கள். ஒரு வெள்ளி 2 சென் வந்தால் ஒரு வெள்ளி, 3 சென் வந்தால் ஒரு வெள்ளி 5 சென். இதுவும் உங்கள் [x]-தான் என்று நினைக்கிறேன். சரியா?

ஈப்போவிலிருந்து, முன்னாள் விரிவுரையாளர்:

கிராணி ஐயா, கடைக்கணக்கு கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அது பக்கத்தில் இருக்கும் ஐந்துக்குப் போகிறது. [x] எப்போதும் கீழேதான் போகும். உங்கள் கணக்கை [ ] வைத்து எழுதினால் 5·[(x + 2.5)/5] என்று வரும். மாறும் இடம் 2.5 சென், 7.5 சென், 102.5 சென் என்று இருக்கும். பில் முழுச் சென்னில் வருவதால் அந்த இடத்தில் எந்தத் தொகையும் வந்து நிற்பதே இல்லை. கடைக்காரருக்கு அந்தப் புள்ளியில் என்ன செய்வது என்ற கேள்வி வராது. கணிதத்தில் நமக்கு அந்தப் புள்ளியே கேள்வி.

பினாங்குத் தம்பி, ‘வெட்டு’ வேறொரு காரணத்துக்காகவும் ஆகாது. −0.3-இல் தசமத்தை வெட்டினால் 0 வரும். ஆனால் [−0.3] என்பது −1. x-ஐத் தாண்டாத முழு எண்களில் பெரியது எது என்பதே கேள்வி. 0, −0.3-ஐத் தாண்டிவிடுகிறது. நேர் எண்களில் இரண்டும் ஒன்று என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. நீங்கள் ஓட்டிய நிரலில் int போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதை ஓட்டிப் பாருங்கள்:

```
import math
for x in (0.9, 1, 1.1, 1.9, 2, 2.1):
    g = x*x - 2*x
    print(x, int(g), math.floor(g))
```

நடு நெடுவரிசை வெட்டியது. 1-க்கு இருபுறமும் 0 காட்டும், 1-இல் மட்டும் −1. கடைசி நெடுவரிசைதான் நம் சார்பு. அதில் 0.9, 1, 1.1 மூன்றுக்கும் −1. 2-இலோ நேர்மாறு: வெட்டினால் எதுவுமே மாறாது, நம் சார்பு −1-இலிருந்து 0-க்கு ஏறும். ஆக, வெட்டு என்று பெயர் வைத்தால் இல்லாத இடத்தில் தாவலைப் பார்ப்போம், இருக்கும் இடத்தில் தவறவிடுவோம்.

இப்போது டீச்சரின் கணக்கு. x² − 2x என்பது (x − 1)² − 1. x = 1-இல் அது மிகக் கீழே, −1-ஐத் தொட்டுவிட்டு மறுபடி மேலே போகிறது. −1-க்குக் கீழே இறங்கவே இல்லை. 1-க்கு இரண்டு பக்கமும் உள்ளே இருப்பது −0.99 போல −1-க்குச் சற்று மேலே. அதன் [ ] மதிப்பு −1. 1-இலும் −1. இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை, மதிப்பு மூன்றும் ஒன்று. தொடர்ச்சி உடையவில்லை.

2-இல் அப்படி இல்லை. 1.9-இல் உள்ளே −0.19, 2.1-இல் 0.21. முழு எண்ணான 0-ஐக் கடந்து போகிறது. இடப்பக்க எல்லை −1, வலப்பக்க எல்லை 0. 2.414, 2.732 இரண்டிலும் இதே கதை. முனைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். 0-இல் மதிப்பு 0, ஆனால் வலப்பக்கம் உடனே −1. 3-இல் மதிப்பு 3, இடப்பக்கம் 2. ஒரு பக்கம்தான் இருக்கிறது, இருந்தாலும் இரண்டிலும் தொடர்ச்சி இல்லை.

எனவே g(x) = n என்று தீர்ப்பது சந்தேகப்பட வேண்டிய இடங்களின் பட்டியலைத்தான் தரும். ஒவ்வொன்றிலும் g அந்த முழு எண்ணைக் கடக்கிறதா, தொட்டுத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே முடிவு.

பெயருக்கு வருகிறேன். [ ] குறியைக் காஸ் 1808-இல் பயன்படுத்தினார். ‘தரை’ என்ற பொருள் தரும் பெயரையும் ⌊x⌋ குறியையும் 1962-இல் ஐவர்சன் கொண்டுவந்தார். நான் ‘கீழ்முழு’ என்கிறேன். “x-இன் கீழ்முழு” என்று வாயில் வரும். மேலே போகும் சோதரச் சார்புக்கு ‘மேல்முழு’ தானாகக் கிடைக்கும்.

பினாங்கு:

ஐயா, ஓட்டிப் பார்த்தேன். int தான் போட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே வந்தது. கீழ்முழு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு சந்தேகம். உள்ளே உள்ளதைக் கவிழ்த்து [2x − x²] என்று வைத்தால்? 1-இல் உச்சம், மதிப்பு 1. பக்கத்தில் 0.99, அதன் கீழ்முழு 0. இங்கேயும் தொட்டுத் திரும்புகிறது, கடக்கவில்லை. ஆனால் 1-இல் மட்டும் 1, சுற்றிலும் 0. இது தாவலா இல்லையா?

ஈப்போ:

நல்ல கேள்வி. மேலிருந்து வந்து தொட்டால் ஒன்றும் ஆகாது. கீழிருந்து வந்து தொட்டால் அந்த ஒரு புள்ளி மட்டும் தனியாக நிற்கும். இரு பக்க எல்லையும் 0, எல்லை இருக்கிறது. மதிப்பு மட்டும் ஒத்துப்போகவில்லை. தொடர்ச்சி இல்லைதான், ஆனால் தாவல் என்று சொல்லக் கூடாது. தாவலில் இரு பக்கமும் வெவ்வேறு மட்டம். இங்கே ஒரே மட்டம். [x] + [−x] போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முழு எண்ணிலும் இதுதான் நடக்கும்: முழு எண்ணில் 0, மற்ற இடமெல்லாம் −1. இதற்குத் தனிச்சொல் வேண்டும். என்னிடம் நல்லது இல்லை.

கிராணி:

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒன்று சொல்கிறேன். மீன் துள்ளும், குரங்கு தாவும். துள்ளிய மீன் அதே தண்ணீரில்தான் விழும். தாவிய குரங்கு அடுத்த கிளையில் போய் உட்காரும். நீங்கள் சொல்லும் இரண்டும் இந்த இரண்டுதானே?

சுங்கை சிப்புட்:

ஐயா! இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். இரு பக்க எல்லையும் வேறாக இருந்தால் தாவல். இரு பக்கமும் ஒன்றாக இருந்து அந்தப் புள்ளி மட்டும் விலகினால் துள்ளல். இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பையன் தாளைத் திருப்பி, [2x − x²]-ஐ வரைந்து, 1-க்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, அதன் அடியில் வெற்று வட்டம் போட்டான். “இது மீன், டீச்சர்” என்றான்.

பினாங்கு:

தாவல் என்றால் உலாவியில் திறக்கும் பக்கத்துக்கும் அதே சொல்லைச் சிலர் போடுகிறார்கள். குழம்பாதா?

சுங்கை சிப்புட்:

கணித வகுப்பில் யாரும் குழம்ப மாட்டார்கள் தம்பி. அதை விடுவோம். எனக்கு வேறு ஒன்று. [x]·sin πx கொடுத்தேன். எல்லாரும் ஒவ்வொரு முழு எண்ணிலும் தாவல் என்று எழுதினார்கள். கீழ்முழு தாவத்தான் செய்கிறது, ஆனால் பக்கத்தில் பெருக்குவது அங்கே 0. இரு பக்க எல்லையும் 0, மதிப்பும் 0. எங்கேயும் உடையவில்லை. இதை எப்படிச் சொல்வது?

ஈப்போ:

தாவலின் உயரத்தைக் கேட்கச் சொல்லுங்கள். [x] முழு எண்ணில் 1 அளவு தாவுகிறது. அதைப் பெருக்கும் சார்பு அந்த இடத்தில் என்ன மதிப்போ அவ்வளவுதான் மிஞ்சும். 0-ஆல் பெருக்கினால் தாவலின் உயரம் 0, அதாவது தாவல் இல்லை. ‘அடங்கிய தாவல்’ என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் இல்லாத ஒன்றுக்குப் பெயர் தேவையா என்றும் தோன்றுகிறது.

துள்ளல் பற்றி ஒரு தயக்கம். தொடர்ச்சியான ஒன்றின் கீழ்முழுவில் துள்ளல் எப்போதும் மேல்நோக்கித்தான் இருக்கும், மீன் போல. மேல்முழுவில் அது கீழ்நோக்கி இருக்கும். கீழே துள்ளுவதைத் தமிழ்க் காது ஏற்குமா? இன்னொன்று: g(x) = x·sin(1/x), g(0) = 0 என்று வைத்து அதன் கீழ்முழுவை எடுங்கள். 0-க்கு எவ்வளவு பக்கத்தில் போனாலும் உள்ளே உள்ளது மாறி மாறி 0-க்கு மேலும் கீழும் போகிறது, கீழ்முழு 0, −1, 0, −1 என்று ஆடிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பக்கமும் எல்லை இல்லை. தாவலும் இல்லை, துள்ளலும் இல்லை. இதற்கும் சொல் வேண்டும்.

கிராணி:

கீழ்நோக்கித் துள்ளல் என்று நான் சொல்ல மாட்டேன். ‘குழி’ என்பேன். கடைசியாகச் சொன்னதைப் பேத்தியிடம் வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்:

கீழ்முழு, தாவல், துள்ளல் மூன்றையும் நாளையிலிருந்து வகுப்பில் வைத்துக்கொள்கிறேன். குழிக்குக் காத்திருக்கிறேன், ஆடும் ஒன்றுக்கும்.