புதுப்பிப்பு: கோத்தகிரி சாலைக் கடைப் பலகை

"வளைவு திரும்பினால் 130 அடியில் கடை. வண்டியில் வருபவர்களுக்குப் பலகை படிக்க வரவில்லை. என்ன செய்ய?" என்பதுதான் முன்பு கேட்ட கேள்வி.

எழுத்தைப் பெரிதாக்கினால் போதும் என்றார் ஒருவர், பாதி சரி. 10 அடிக்கு ஓர் அங்குலம் என்பது பெயின்டர் அண்ணன் கணக்கு. அப்படியானால் 13 அங்குலம். பலகையில் 9 அங்குலம்தான் கொண்டது. கொம்பு, சுழி சேர்க்காமல் எழுத்தின் உடலை மட்டும் அளக்கச் சொன்னார். கோட்டை ரொம்பத் தடித்தால் 'ண' சுழி அடைபட்டுவிடுமாம்.

பழைய பலகையின் பச்சையில் சிவப்பு எழுத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தோம், இரண்டும் ஒரே சாம்பல். இப்போது கருநீலத்தில் வெள்ளை. வெயிலில் வளைவிலிருந்தே பெயர் தெரிகிறது. அடர்ந்த மூடுபனிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.