ஒரே குறிப்பு, ஒரே அடுப்பு: எனக்கு மட்டும் பிஸ்கட் ஏன் பரவுகிறது?

சாட்ஸ்வொர்த் மீனா:
தீபாவளித் தட்டுகளுக்காக அமெரிக்கத் தளம் ஒன்றில் கிடைத்த சாக்லேட் பிஸ்கட்டைச் செய்தேன். ஒரு கப் வெண்ணெய், இரண்டேகால் கப் மாவு, இரண்டு முட்டை, சர்க்கரை, பேக்கிங் சோடா. என்னுடையது தோசையாகப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அதே குறிப்பில், அதே அடுப்பில் மாமியார் செய்தது மேடாக நிற்கிறது. வெண்ணெய் இருவருக்கும் ஒன்றுதான்: ஐந்நூறு கிராம் கட்டியை ஆளுக்குப் பாதியாக வெட்டிக் காலையிலிருந்து மேசைமேல் வைத்திருந்தோம். மாவை நான் சலித்துத்தான் அளக்கிறேன். எதில் கோளாறு?

பீனிக்ஸ் ரவி:
வெண்ணெயில்தான், வேறெதிலும் இல்லை. டர்பனில் நவம்பர் மாதம் காலையிலிருந்து மேசையில் கிடந்த வெண்ணெய் பாதி எண்ணெய். பிசைந்த மாவை உருண்டை பிடித்து இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் சுடுங்கள். பரவாது. இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

மரிட்ஸ்பர்க் செல்வம்:
தம்பி, வெண்ணெய் இருவருக்கும் ஒன்று என்று மீனா எழுதியிருக்கிறாரே. ஒரே கட்டி மருமகளிடம் ஒரு குணமும் மாமியாரிடம் வேறொரு குணமும் காட்டாது. பேக்கரியில் வேலை செய்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது மாவின் எடையை. மீனா, மாமியார் மாவை எப்படி அளக்கிறார்? சலிக்கிறாரா, கப்பையே பைக்குள் விட்டு அள்ளுகிறாரா? முடிந்தால் இரண்டு விதத்திலும் ஒரு கப் அளந்து தராசில் வைத்துப் பாருங்கள்.

டொங்காட் பாட்டி:
நெய்யில் செய்யுங்கள் அம்மா. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் நான்கட்டாய் சுடுகிறேன், ஒன்றுகூடப் பரவியதில்லை. வெண்ணெய் வாங்குவதே வீண்.

மரிட்ஸ்பர்க் செல்வம்:
பாட்டி, உங்கள் நான்கட்டாயில் முட்டை இல்லை, நெய்யில் தண்ணீர் இல்லை, சர்க்கரையும் பொடித்தது. இளகி ஓடுவதற்கு அதில் ஈரமே கிடையாது. மீனாவின் குறிப்பில் முட்டையின் ஈரத்தில் சர்க்கரை கரைந்து அடுப்புச் சூட்டில் பாகாகிறது, அந்தப் பாகும் சேர்ந்துதான் மாவை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் வெண்ணெய்க்குப் பதில் நெய்யை ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சாட்ஸ்வொர்த் மீனா:
அண்ணா, அளந்துவிட்டேன். நான் சலித்து, லேசாகக் கொட்டி, கத்தியால் வழித்த கப் 118 கிராம். மாமியார் கப்பைப் பைக்குள் விட்டு அழுத்தி அள்ளுகிறார்: 156. கப் இங்கே கடையில் வாங்கிய 250 மில்லி கப். அப்படியானால் நான் மாவைக் குறைத்துப் போட்டுவிட்டேனா?

மரிட்ஸ்பர்க் செல்வம்:
இல்லை. கணக்கைப் பார்த்தபோது எனக்கும் வியப்புதான். அமெரிக்கக் குறிப்புகளில் ஒரு கப் மாவு என்றால் பெரும்பாலும் 120 கிராம், ஒரு கப் வெண்ணெய் என்றால் 227 கிராம். ஆகவே அந்தக் குறிப்பு கேட்பது 270 கிராம் மாவும் 227 கிராம் வெண்ணெயும். நீங்கள் போட்ட மாவு ஏறக்குறைய 265. அது சரியாகவே இருக்கிறது. ஆனால் வெண்ணெய் அரைக் கட்டி, அதாவது 250 கிராம். 100 கிராம் மாவுக்கு 84 கிராம் வெண்ணெய் வர வேண்டிய இடத்தில் உங்களுக்கு 94 வந்திருக்கிறது.

மாமியாரின் மாவு 351 கிராம். அவருக்கு அதே கணக்கு 71 ஆகிறது. கூடுதலாக விழுந்த மாவு ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிப்பட்டதால், இளகிய வெண்ணெய் செய்திருக்கக்கூடிய சேதம் வெளியே தெரியவில்லை. அவருடைய பிஸ்கட்டை மறுநாள் கடித்துப் பாருங்கள். நடுவில் மாவு மாவாக, தொண்டையை அடைக்கிறதா என்று சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் மீனா:
அடைக்கிறது. இதை அவரிடம் யார் சொல்வது?

பீனிக்ஸ் ரவி:
ஆக, மீனாவின் மாவு சரி, வெண்ணெய்தான் கோளாறு! இதைத்தானே முதல் வரியிலேயே சொன்னேன்?

மரிட்ஸ்பர்க் செல்வம்:
நீங்கள் சொன்னது சூட்டை மட்டும், அளவைச் சொல்லவில்லை. சூடு என்பதில் பாதி உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பதை ஏற்கமாட்டேன்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பரல்கள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு காற்றை உள்ளே இழுக்கின்றன. அந்தக் குமிழிகளைப் பிடித்து வைக்க வெண்ணெய் வளையவும் வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். 18 முதல் 20 டிகிரி வரை அந்தப் பதம் இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் மேற்பரப்பு பளபளக்காது, விரலில் எண்ணெய் ஒட்டாது. நம் ஊர்ச் சமையலறையில் 28 டிகிரிக்குப் போன வெண்ணெயை எவ்வளவு அடித்தாலும் அது வெளுத்து உப்பாது, மஞ்சளாகவே குழைந்து கிடக்கும். சோடா புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் குமிழியைத்தான் பெரிதாக்குகிறது. குமிழியே இல்லாத மாவை ஓர் இரவு குளிர்வித்தால் குளிர்ந்த, குமிழி இல்லாத மாவுதான் கிடைக்கும்.

பீனிக்ஸ் ரவி:
அண்ணா, நான் வெண்ணெயை உருக்கி ஊற்றியே செய்கிறேன், காற்று அடிப்பதே இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்துச் சுட்டால் தடிமனாகத்தான் வருகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மரிட்ஸ்பர்க் செல்வம்:
தடிமனாக வரும், மறுக்கவில்லை. குளிர்ந்த உருண்டையின் நடுப்பகுதி இளகுவதற்குள் ஓரத்தில் முட்டையும் மாவும் வெந்து இறுகிவிடுகின்றன, பிறகு அது ஓட வழியில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கும் நேரத்தில் மாவும் ஈரத்தை நன்றாகக் குடித்துவிடுகிறது. ஆனால் உங்கள் பிஸ்கட்டை உடைத்தால் உள்ளே நெருக்கமாக, மெல்லும்படியாக இருக்கும். மீனா கேட்பது உப்பலாக நிற்பதை.

பீனிக்ஸ் ரவி:
மெல்லும்படியாக இருப்பதுதான் நல்ல பிஸ்கட். உப்பல் வேண்டுமென்றால் ஸ்கோன் சாப்பிடலாம்.

லெனேசியா லதா:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் தராசில்தான் நிறுக்கிறேன். டர்பனில் அம்மா வீட்டில் செய்தால் அழகாக நிற்கிறது, ஜோஹன்னஸ்பர்க் வந்து அதே அளவில் செய்தால் பரவுகிறது. இங்கே வெயிலும் குறைவு, வெண்ணெயும் பதமாகவே இருக்கிறது.

மரிட்ஸ்பர்க் செல்வம்:
லதா, நீங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் குறைவு, குமிழிகள் அளவு மீறிப் பெருத்து உடைகின்றன, மாவு இறுகுவதற்குள் அமுங்கிப் பரவுகிறது. சோடாவைக் கால் பங்கு குறைத்து, மாவை இரண்டு மேசைக்கரண்டி கூட்டிப் பாருங்கள்.

பீனிக்ஸ் ரவி:
அல்லது லதா அக்காவின் அடுப்பு காட்டும் சூட்டைத் தருவதில்லை. சூடு குறைந்த அடுப்பில் ஓரம் இறுகத் தாமதமாகும், அதற்குள் எல்லாம் ஓடிவிடும். அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிப் பார்க்காமல் மலையைக் குறை சொல்லக்கூடாது.

லெனேசியா லதா:
வெப்பமானி என்னிடம் இல்லை. சோடாவைக் குறைத்தபோது கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

சாட்ஸ்வொர்த் மீனா:
நான் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். சனிக்கிழமை மறுபடியும் சுட வேண்டும்.

மரிட்ஸ்பர்க் செல்வம்:
வெண்ணெய் 227 கிராம் நிறுத்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் சின்னத் துண்டுகளாக வெட்டி வையுங்கள். இந்த வெயிலில் கால் மணி நேரத்தில் பதம் வந்துவிடும், அதற்கு மேல் விடாதீர்கள். இயந்திரத்தில் அடிக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் சூடாகும். மாவு 270 கிராம். உருண்டைகளை அரை மணி நேரம் குளிர்வியுங்கள், இதில் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. முதலில் ஒன்றே ஒன்றைச் சுட்டுப் பாருங்கள். அது பரவினால் மீதி மாவில் ஒரு மேசைக்கரண்டி மாவு சேர்க்க இன்னும் வழியிருக்கிறது. இரண்டாவது ஈட்டை ஆறாத தட்டில் வைக்காதீர்கள், வெண்ணெய் அடுப்புக்குப் போகும் முன்பே உருகத் தொடங்கிவிடும்.

பீனிக்ஸ் ரவி:
அரை மணி போதாது, இரவு முழுவதும் வையுங்கள்.

டொங்காட் பாட்டி:
மாமியாரிடம் எடை கிடை என்று பேச்சை எடுக்காதே அம்மா. தீபாவளி முடியட்டும்.